0.45 இலிருந்து 0.46: வருமான ஏற்றத்தாழ்வு உண்மையில் கூடியதா?

சில ஆண்டுகளுக்கு முன்னர் நான் எழுதிய செய்தி ஒன்றின் தலைப்பு, "இலங்கையில் வருமான ஏற்றத்தாழ்வு மீண்டும் அதிகரிப்பு". ஆதாரம் இரண்டே இரண்டு எண்கள். தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் வீட்டு வருமான, செலவின ஆய்வில் குடும்ப வருமானத்துக்கான கினிக் குணகம் 2016 இல் 0.45, 2019 இல் 0.46. கூடியிருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிகிறதே என்றுதான் நினைத்தேன். செய்தி வெளியான அன்று மாலை, எனக்குக் கணிதம் படிப்பித்த ஓய்வுபெற்ற ஆசிரியர் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, அந்த 0.01 கூடினது சனத்தின்ரை வருமானத்திலையோ, இல்லாட்டி அவை எடுத்த மாதிரியிலையோ?" என்று கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கான பதிலைப் பற்றியது. இரு ஆண்டுகளின் ஏற்றத்தாழ்வுக் குறியீட்டை ஒப்பிட்டுச் செய்தியோ அறிக்கையோ எழுதும்போது அந்த எண்களைச் சுற்றி எவ்வளவு நிச்சயமின்மை இருக்கிறது, அதை எப்படி அளப்பது, அளந்த பின்னரும் எது அளவுக்குள் வராமல் நிற்கிறது என்பதைப் பார்ப்போம். கடைசியில் சொன்னது வடக்கு, கிழக்கு வாசகர்களுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது.

பத்துக் குடும்பங்கள்

கினிக் குணகம் 1912 இல் இத்தாலியப் புள்ளிவிபரவியலாளர் கொராடோ கினி முன்வைத்த அளவை. எல்லோருக்கும் ஒரே வருமானம் என்றால் 0. முழு வருமானமும் ஒரே வீட்டுக்குப் போனால் அது 1 ஐ நெருங்கும். நடுவில் வரும் எண்களை எப்படி விளங்கிக்கொள்வது என்பதில்தான் பலருக்கும் சிக்கல். கற்பனையான ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். அங்கே பத்துக் குடும்பங்கள். மாத வருமானம் ஆயிரம் ரூபாய்களில் இப்படி இருக்கிறது: 18, 22, 25, 28, 32, 36, 42, 55, 72, 170. மொத்தம் 5 இலட்சம், சராசரி 50 ஆயிரம். இதில் 170 என்பது கடை வைத்திருக்கும் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பத்து வீடுகளின் வருமானத்தையும் பத்துத் துண்டுகளில் எழுதிப் பையில் போடுங்கள். ஒரு துண்டை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டு, இன்னொன்றை எடுங்கள். இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் எவ்வளவு? இப்படி எடுக்கக்கூடிய எல்லாச் சோடிகளுக்கும் வித்தியாசத்தைப் பார்த்துச் சராசரி எடுத்தால் 38,280 ரூபா வருகிறது. இதைச் சராசரி வருமானத்தின் இரு மடங்கால், அதாவது 1 இலட்சத்தால் பிரித்தால் கிடைக்கும் 0.38 தான் இந்த ஊரின் கினிக் குணகம்.

இந்தப் பத்தும் ஊரின் எல்லாக் குடும்பங்களும் என்றால் கதை இத்துடன் முடிந்தது. ஆனால் இந்தப் பத்தும் ஆயிரம் குடும்பங்கள் உள்ள ஊரில் குலுக்கி எடுக்கப்பட்ட மாதிரி என்றால்? இன்னொரு பத்தை எடுத்திருந்தால் அந்தக் கடைக்காரர் வீடு அகப்படாமல் போயிருக்கலாம். அல்லது அதுபோல இரண்டு வீடுகள் அகப்பட்டிருக்கலாம். 0.38 என்று வந்த எண் எந்த அளவுக்கு அங்குமிங்கும் ஆடியிருக்கும்?

திரும்பப் போய் ஆயிரம் தடவை ஆய்வு நடத்த எவரிடமும் பணமில்லை. 1979 இல் அமெரிக்கப் புள்ளிவிபரவியலாளர் பிராட்லி எஃப்ரன் சொன்ன வழி, கையில் உள்ள மாதிரியையே ஊராகப் பாவித்து அதிலிருந்து திரும்பத் திரும்ப மாதிரி எடுப்பது. அதற்கு அவர் வைத்த பெயர் பூட்ஸ்ட்ராப். நமது பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து எழுதிக்கொண்டு திரும்பப் போடுகிறோம். இப்படிப் பத்து முறை. திரும்பப் போடுவதால் சில வீடுகள் இரண்டு முறை வரும், சில வராது. நான் ஒரு தடவை எடுத்தபோது 18, 22, 22, 25, 32, 36, 36, 42, 55, 72 என்று வந்தது. கடைக்காரர் வரவேயில்லை. கினிக் குணகம் 0.24. இன்னொரு தடவை 18, 18, 22, 25, 28, 36, 42, 55, 170, 170. கடைக்காரர் இரண்டு முறை. இப்போது 0.45.

இதை ஆயிரம் தடவை செய்வது கணினிக்குச் சில விநாடி வேலை. கிடைக்கும் ஆயிரம் கினி எண்களையும் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி, கீழே 25 ஐயும் மேலே 25 ஐயும் தள்ளிவிட்டால் மிச்சமிருக்கும் 950 எண்களின் தொடக்கமும் முடிவும் 95 வீத நம்பிக்கை ஆயிடை. பத்து வீடுகள் மட்டுமே கொண்ட மாதிரியில் அந்த ஆயிடை மிக அகலமாக இருக்கும். பத்துத் துண்டு எடுக்கும்போது ஒரு குறிப்பிட்ட துண்டு ஒரு தடவையும் வராமல் போவதற்கான வாய்ப்பு 35 வீதம். ஆகவே ஏறத்தாழ மூன்றில் ஒரு சுற்றில் கடைக்காரர் இல்லாத ஊரையே நாம் அளக்கிறோம்.

ஆயிரத்துக்குப் பதில் பத்தாயிரம் தடவை எடுத்தால் ஆயிடை ஒடுங்கும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். ஒடுங்காது. ஆயிடையின் ஓரங்கள் சற்றுத் திடமாகும், அவ்வளவுதான். தகவல் பத்து வீடுகளில் இருந்தது, பத்து வீடுகளிலேயே இருக்கிறது.

வீட்டை அல்ல, வட்டாரத்தை எடுக்கவேண்டும்

உண்மையான ஆய்வு இவ்வளவு எளிமையாக நடப்பதில்லை. 2012/13 ஆய்வை எடுத்துக்கொண்டால், முதலில் நாடு முழுவதிலும் 2,500 சிறு வட்டாரங்கள் தெரிவுசெய்யப்பட்டன. பிறகு ஒவ்வொரு வட்டாரத்திலும் 10 வீடுகள். மொத்தம் 25,000 வீடுகள். மாவட்டமும் அதற்குள் நகரம், கிராமம், தோட்டம் என்ற பிரிவும் தனித்தனி அடுக்குகளாகக் கொள்ளப்பட்டன. வேலை பன்னிரண்டு மாதங்களுக்குப் பகிர்ந்து நடந்தது.

ஒரே வட்டாரத்து வீடுகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். கரையோரக் கிராமம் ஒன்றில் கடல் கொந்தளித்த மாதத்தில் ஆய்வாளர் போனால் பத்து வீட்டிலும் வருமானம் விழுந்திருக்கும். நெல் விற்ற மாதத்தில் வயற்கிராமத்துக்குப் போனால் பத்து வீட்டிலும் கை நிறைந்திருக்கும். ஆகவே பத்து வீடுகள் பத்துத் தனித்தனித் தகவல்கள் அல்ல. பூட்ஸ்ட்ராப் செய்பவர் வீடு வீடாகத் துண்டு எடுத்தால் இந்த ஒற்றுமை கலைந்துபோய், ஆயிடை பொய்யாக ஒடுங்கிவிடும். ஒவ்வோர் அடுக்குக்குள்ளும் வட்டாரங்களை முழுதாக எடுக்கவேண்டும். ஒரு வட்டாரம் வந்தால் அதன் பத்து வீடுகளும் சேர்ந்து வரும், வராவிட்டால் பத்தும் வராது. யாராவது ஆயிடையுடன் முடிவைத் தந்தால் முதலில் கேட்கவேண்டியது இதைத்தான்: மீள எடுத்தது வீடுகளையா, வட்டாரங்களையா? இரண்டு விதமாகவும் கணித்துப் பார்த்தால் வட்டார ஆயிடைதான் பெரும்பாலும் அகலமாக வரும். அதுவே நேர்மையானது.

இன்னொன்று, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நிறை உண்டு. மாதிரியில் வந்த ஒரு வீடு எத்தனை வீடுகளைப் பிரதிநிதித்துவம் செய்கிறது என்பதே அந்த நிறை. சனத்தொகை குறைந்த மாவட்டத்தில் ஒரு வீடு 80 வீடுகளுக்காகவும், பெரிய மாவட்டத்தில் ஒரு வீடு 300 வீடுகளுக்காகவும் நிற்கலாம் (இந்த எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை). நிறையை மறந்து கணித்தால் சிறிய மாவட்டங்கள் அளவுக்கு மீறிப் பேசும்.

வித்தியாசத்துக்கும் ஓர் ஆயிடை

இனி எனது பழைய தலைப்புக்கு வருவோம். 2016 இல் 0.45, 2019 இல் 0.46. முதல் இடர் இரண்டு தசம தானத்திலேயே இருக்கிறது. 0.454 ஐயும் 0.45 என்றுதான் எழுதுவார்கள், 0.455 ஐ 0.46 என்று எழுதுவார்கள். அப்படியானால் கூடியது வெறும் 0.001. மறுபுறம் 0.445 உம் 0.464 உம் கூட அதே இரண்டு எண்களாகத்தான் அச்சாகும். அங்கே வித்தியாசம் 0.019. வாசகர் காணும் 0.01 இந்த இரண்டுக்கும் நடுவில் எதுவாகவும் இருக்கலாம்.

இரண்டாவது இடர் மாதிரி. இரண்டு ஆண்டுகளிலும் வெவ்வேறு குடும்பங்களிடமே தகவல் எடுக்கப்பட்டது. ஆகவே ஒவ்வோர் ஆண்டின் தரவையும் தனித்தனியாகப் பூட்ஸ்ட்ராப் செய்து, முதற்சுற்றின் 2019 எண்ணிலிருந்து முதற்சுற்றின் 2016 எண்ணைக் கழித்து, இரண்டாம் சுற்றுக்கும் அப்படியே செய்து, ஆயிரம் வித்தியாசங்களைப் பெறவேண்டும். அந்த ஆயிரத்தின் ஆயிடைதான் நமக்கு வேண்டியது. அதற்குள் பூச்சியம் அகப்பட்டால், கூடியது என்றும் சொல்லமுடியாது, குறைந்தது என்றும் சொல்லமுடியாது.

ஓர் எடுகோளுடன் போட்டுப் பார்க்கலாம். ஒவ்வோர் ஆண்டின் கினி எண்ணுக்கும் நியம வழு 0.006 என்று வைப்போம். வித்தியாசத்தின் நியம வழு அதன் இரு மடங்கு அல்ல, 2 இன் வர்க்கமூல மடங்கு, அதாவது ஏறத்தாழ 0.0085. 95 வீத ஆயிடைக்கு இதை 1.96 ஆல் பெருக்கினால் 0.017. ஆக, வித்தியாசம் 0.01 என்றால் அதன் ஆயிடை -0.007 இலிருந்து 0.027 வரை. பூச்சியம் உள்ளே இருக்கிறது. இந்த எடுகோள் சரியென்றால், "மீண்டும் அதிகரிப்பு" என்ற எனது தலைப்புக்கு அந்த எண்கள் இடம் தரவில்லை.

இதற்கு மறுவளமான பிழையையும் பார்த்திருக்கிறேன். இரண்டு ஆண்டுகளின் ஆயிடைகளையும் வரைபடத்தில் கீறி, அவை ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன, ஆகவே மாற்றமில்லை என்று முடித்துவிடுவது. அதே நியம வழுவுடன் ஓர் ஆண்டில் 0.45, மற்ற ஆண்டில் 0.47 என்று வைப்போம். முதலாவதின் ஆயிடை 0.438 முதல் 0.462, இரண்டாவதினது 0.458 முதல் 0.482. ஒன்றையொன்று தொடுகின்றன. ஆனால் வித்தியாசத்தின் ஆயிடை 0.003 முதல் 0.037. பூச்சியம் வெளியே நிற்கிறது, மாற்றம் இருக்கிறது. அதனால்தான் இரு எண்களின் ஆயிடைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கண்ணால் அளக்காமல், வித்தியாசத்துக்கே ஆயிடை கேட்கவேண்டும்.

மாவட்ட அட்டவணைகளில் இன்னும் கவனம் வேண்டும். நாடு முழுவதற்கும் 20,000 குடும்பங்கள் பதிலளித்த ஆய்வில் சிறிய மாவட்டம் ஒன்றுக்குச் சில நூறு குடும்பங்களே இருக்கும். 400 என்று வைத்தால் அது ஐம்பதில் ஒரு பங்கு. ஆயிடை ஏறத்தாழ 7 மடங்கு அகலும். நாட்டு எண்ணின் இருபுறமும் 0.012 ஆக இருந்த இடைவெளி இங்கே 0.08 ஐ அண்மிக்கலாம். மாவட்டங்களை 0.41, 0.43, 0.44 என்று வரிசைப்படுத்தி "முல்லைத்தீவு இத்தனையாம் இடம்" என்று எழுதும் செய்திகளை இதற்குப் பிறகு நான் எழுதுவதில்லை. மாவட்டத் தரவு கையில் இருந்தால் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஆகக்கூடிய வருமானமுள்ள ஒரேயொரு வீட்டை நீக்கிவிட்டுத் திரும்பக் கணியுங்கள். நமது பத்து வீட்டு ஊரில் 170 ஐ நீக்கினால் 0.38 என்பது 0.24 ஆகிவிடுகிறது. அப்படி விழுந்தால் அந்த எண் மாவட்டத்தைப் பற்றிச் சொல்வதைவிட அந்த ஒரு வீட்டைப் பற்றித்தான் கூடுதலாகச் சொல்கிறது.

பைக்குள் போடப்படாத துண்டுகள்

இதுவரை சொன்னது எல்லாம் மாதிரி எடுப்பதால் வரும் ஆட்டம். அதைப் பூட்ஸ்ட்ராப் பிடித்துவிடும். பிடிக்காதது ஒன்று இருக்கிறது.

2002 ஆய்வில் வடக்கும் கிழக்கும் இல்லை. 2006/07 ஆய்வில் வட மாகாணமும் திருகோணமலை மாவட்டமும் இல்லை. 2009/10 ஆய்வில் யாழ்ப்பாணமும் வவுனியாவும் சேர்ந்தன, மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு சேரவில்லை. 25 மாவட்டங்களும் உள்ளடங்கியது 2012/13 இல். ஆனால் அட்டவணைகளிலும் செய்திகளிலும் இந்த ஆண்டுகள் ஒரே கோட்டில் இணைக்கப்பட்டு "இலங்கை" என்ற ஒரே பெயருடன் வருகின்றன. 2009/10 இல் 0.49, 2012/13 இல் 0.48, 2016 இல் 0.45. அடிக்குறிப்பில் எந்தெந்த மாவட்டங்கள் இல்லை என்று திணைக்களம் எழுதியிருக்கும். அடிக்குறிப்பு செய்திக்குள் வருவதில்லை.

2009 நடுப்பகுதியில் அந்த ஆய்வு தொடங்கியபோது வன்னிச் சனம் எங்கே இருந்தது என்பதை இங்கே நான் சொல்லத் தேவையில்லை. மெனிக் பாம் முகாமிலிருந்து கடைசிக் குடும்பங்கள் வெளியேறியது 2012 செப்டெம்பரில். அதற்குள் 2012/13 ஆய்வின் களவேலை தொடங்கிவிட்டிருந்தது.

பூட்ஸ்ட்ராப் பைக்குள் இருக்கும் துண்டுகளைத்தான் எடுக்கும். போடாத துண்டு ஆயிரம் சுற்றிலும் வராது. 2009/10 தரவை எவ்வளவு கவனமாக வட்டாரம் வட்டாரமாக மீள எடுத்தாலும் கிளிநொச்சிக் குடும்பம் ஒன்று அதற்குள் வரப்போவதில்லை. ஆயிடை ஒடுக்கமாக இருப்பது இந்த ஓட்டையை மறைக்கவும் செய்யும். அது உள்ளடக்கிய மாவட்டங்களுக்கு மட்டுமே பொருந்தும் நிச்சயம், நாட்டுக்கு அல்ல.

இதன் விளைவு எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதை நமது ஊரிலேயே பார்க்கலாம். பத்து வீடுகளின் வருமானமும் ஒரு சதம் மாறவில்லை. அடுத்த ஆய்வில், முன்பு போகமுடியாதிருந்த பக்கத்துத் தெருவின் மூன்று வீடுகள் சேர்கின்றன. வருமானம் 8, 9, 10 ஆயிரம். இப்போது 13 வீடுகளுக்கும் கணித்தால் கினி 0.46. முன்பு 0.38. அட்டவணையைப் பார்ப்பவர் ஏற்றத்தாழ்வு பாய்ந்து ஏறிவிட்டது என்பார். யாரும் ஏழையாகவில்லை, யாரும் பணக்காரராகவும் இல்லை. ஏற்கனவே இருந்தவர்கள் எண்ணப்பட்டார்கள், அவ்வளவுதான். சேரும் குடும்பங்கள் நடுத்தர வருமானத்தில் இருந்தால் குறியீடு குறையவும் கூடும். ஆகவே விடுபட்ட மாவட்டங்கள் எண்ணை எந்தப் பக்கம் தள்ளியிருக்கும் என்று முன்கூட்டி ஊகித்து எழுதுவதும் பிழை.

செய்யக்கூடியது ஒன்று உண்டு. 2006/07 ஐ 2016 உடன் ஒப்பிடவேண்டுமானால், 2016 தரவிலிருந்தும் வட மாகாணத்தையும் திருகோணமலையையும் விலக்கிவிட்டுக் கணித்து, இரண்டுக்கும் பொதுவான பரப்புக்கு மட்டும் வித்தியாசமும் ஆயிடையும் தருவது. 2009/10 உடன் என்றால் மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவை விலக்கவேண்டும். எங்கள் மாவட்டங்களை நாங்களே நீக்கிக் கணிப்பது மனதுக்கு ஒப்பாத வேலைதான். ஆனால் அப்படிச் செய்தால்தான் ஒரே சனத்தை இரண்டு காலத்தில் பார்க்கிறோம். அதன் பிறகு 25 மாவட்டத்துக்குமான எண்ணைத் தனியாக, 2012/13 இலிருந்து தொடங்கும் கோடாகக் கீறலாம். அதற்கு முந்திய ஆண்டுகளை அந்தக் கோட்டுடன் இணைக்கக்கூடாது. வன்னியின் 2006 ஐயோ 2009 ஐயோ இந்த ஆய்வைக் கொண்டு எவராலும் மீட்டெடுக்கமுடியாது.

ஒப்பிடும்போது அளக்கப்பட்ட பொருளும் ஒன்றாக இருக்கவேண்டும். மேலே சொன்ன 0.45 குடும்ப வருமானத்துக்கானது. உலக வங்கி 2016 க்குத் தரும் எண் 0.40 இன் பக்கத்தில் இருக்கிறது, ஏனெனில் அது ஆள்வீத நுகர்வை வைத்துக் கணிக்கப்பட்டது. இரண்டையும் ஒரு வரைபடத்தில் கலந்தால் நடக்காத வீழ்ச்சி ஒன்று தெரியும். வெளிநாட்டிலிருந்து பிள்ளை அனுப்பும் பணம் இந்த ஆய்வில் வருமானத்துக்குள் சேரும். அடகுவைத்த நகையும், நுண்கடனும், இன்னும் விடுவிக்கப்படாத காணியும் கினிக் குணகத்தில் தெரியாது.

2022 நெருக்கடிக்குப் பிந்திய காலத்தை அளக்கும் எந்த ஆய்வும் 2019 உடன்தான் முதலில் ஒப்பிடப்படும். 2019 இல் குடும்பம் ஒன்றின் சராசரி மாத வருமானம் 76,414 ரூபா, இடையம் 53,333 ரூபா. அதாவது பாதிக் குடும்பங்கள் 53,333 ரூபாவுக்குக் கீழே. விலைகள் ஏறியதால் ரூபா எண்கள் எல்லாம் பெருத்திருக்கும். எல்லோருடைய வருமானமும் ஒரே மடங்கால் பெருத்தால் கினி மாறாது, யாருக்குக் கூடியது, யாருக்குக் கூடவில்லை என்பதில்தான் அது அசையும். அசைந்ததாகச் சொல்லும் செய்தியில் மூன்று விடயங்களைத் தேடுவேன்: வித்தியாசத்தின் ஆயிடை, வட்டாரங்களை மீள எடுத்துத்தான் அது கணிக்கப்பட்டதா என்ற குறிப்பு, இரண்டு ஆண்டிலும் எத்தனை மாவட்டங்கள், எத்தனை குடும்பங்கள் என்ற விபரம்.

ஆசிரியருக்கு நான் திரும்ப அழைத்தது இரண்டு கிழமை கழித்து. பழைய செய்தியின் கீழே சேர்த்த திருத்தத்தை வாசித்துக் காட்டினேன்: "2016 க்கும் 2019 க்கும் இடையில் குடும்ப வருமானக் கினிக் குணகம் 0.45 இலிருந்து 0.46 ஆகப் பதிவாகியுள்ளது. இந்த அளவு வித்தியாசம் மாதிரி மாறுபாட்டினாலும் வரக்கூடியது. ஏற்றத்தாழ்வு கூடியதாகவோ குறைந்ததாகவோ இதைக் கொண்டு முடிவு செய்யமுடியாது. இரண்டு ஆய்வுகளும் 25 மாவட்டங்களையும் உள்ளடக்கியவை." கடைசி வசனத்தைத் திரும்ப வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். "அதைத் தலைப்புக்குக் கிட்டப் போடு தம்பி, கீழை போட்டா ஆர் வாசிக்கப் போயினம்" என்றார்.